கூரைமேல் விழுந்த புள்ளி

குவாரி டிரில்லர் உள்ளே வந்தபோது வரைபடக்காரி கணினியின் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். "யோவ், யாரைக் கேட்டு உள்ள போற?" என்று காவலாளி அவர் பின்னாலேயே ஓடி வந்தான். அது காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவேளை உண்மையிலேயே விழாமலும் இருந்திருக்கலாம். கல் குவாரியில் பாறை துளைக்கிறவர்களுக்குக் காது பாதிதான் வேலை செய்யும். அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் உப்பு கேட்டால்கூட ஊருக்கே கேட்கும்படிக் கேட்பார்.

"இது யார் வீடு?" என்று செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

திரையில் மேலிருந்து எடுத்த படம். வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள். ஒரு கூரையில் மட்டும் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் நட்டநடுவில், நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி, ஒரு சிவப்புப் புள்ளி.

"தெரியலையே."

"என் வீடு. தார்ப்பாய் நான் கட்டினது. அதுக்கு மேல இந்தப் புள்ளிய வச்சது எவன்?"

வைத்தது அவள்தான். அதாவது அவள் ஓட்டிய நிரல் வைத்தது. பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது.

அந்த அலுவலகம் காசநோய்க் கணக்கெடுப்புக்காக வாடகைக்குப் பிடித்த மூன்று அறை. களப்பணிப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சளி வாங்கி வருவார்கள். கிருமி இருப்பது உறுதியான வீட்டுக்கு வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. எக்ஸ்ரே வண்டியை எங்கே நிறுத்துவது, மருந்து நிலையம் எங்கே திறப்பது என்று மேலதிகாரிகள் முடிவு செய்ய அந்தப் படம் வேண்டும். போன வாரம் அதைப் பொதுவில், யாரும் பார்க்கிறபடி இணையத்தில் ஏற்றினார்கள். குவாரி ஆபீஸ் கணக்கர் அதைத் தன் போனில் விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். நீலத் தார்ப்பாய் தெரிந்திருக்கிறது. அன்று மதியமே டிரில்லரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"நெஞ்சுச் சீக்கு இருக்கிறவன் நம்ம ஆளுங்களோட உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எனக்குச் சீக்கே இல்லைம்மா. உங்க ஆளுங்க என் வீட்டுக்குள்ளயே வரலை. வந்த அன்னிக்கு வீடு பூட்டிக் கெடந்துச்சு. இதைச் சொன்னா, பயந்து பூட்டிட்டு ஓடிட்டான்னு சொல்றானுங்க."

"தனியா டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?"

"எடுக்காம? எக்ஸ்ரே எடுத்த உடனே அந்த ஆஸ்பத்திரி டாக்டரு நெஞ்செல்லாம் தூசி அடைச்சிருக்குன்னாரு. கல்லு தின்னவன் நெஞ்சுல வேற என்ன இருக்கும், சந்தனமா? சளியில ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தாரு. மேனேஜர் அதைப் பாத்துட்டு, காசு குடுத்தா ஆம்பளைக்குப் பிரசவம் ஆச்சுன்னுகூட எழுதித் தருவாங்கங்கிறாரு."

காவலாளி சிரித்துவிட்டான். டிரில்லர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நீங்க வச்ச புள்ளி. நீங்களே ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. இந்த வீட்டுல யாருக்கும் இல்லைன்னு. போதும், நான் போயிடறேன்."

அவள் எழுதவில்லை. "உக்காருங்க, டாக்டரைக் கூப்பிடறேன்" என்றாள்.

அந்தப் புள்ளி அவர் வீட்டுடையது அல்ல என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வரைபடத்தில் இருந்த எந்தப் புள்ளியுமே அது விழுந்திருக்கிற வீட்டுடையது அல்ல. களப்பணிப் பெண்கள் கைக்கருவியில் பிடித்து வந்த உண்மையான இடங்கள் பூட்டிய கோப்பில் இருந்தன. படம் அலுவலகத்தை விட்டு வெளியே போகும் முன் நிரல் ஒவ்வொரு புள்ளியையும் தூக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு எறிகிற மாதிரி, ஏதோ ஒரு திசையில் எறிந்தது. நூறு மீட்டருக்குக் குறையாமல், முந்நூறு மீட்டருக்கு மேல் போகாமல். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. நோய் எந்தப் பகுதியில் அதிகம் என்பது படத்தில் தெரியும். எந்தக் கதவைத் தட்டினால் நோயாளி திறப்பார் என்பது தெரியாது.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு அவள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். புள்ளிகள் நகர்த்தி வைக்கப்பட்டவை என்று படத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. பூட்டு இருக்கிறது என்பதையே சொல்லாவிட்டால் உடைக்கிற யோசனையே யாருக்கும் வராது என்று நினைத்தாள். படத்தைக் கூரை தெரிகிற வரைக்கும் பெரிதாக்க முடியும் என்பதையும் தடுக்காமல் விட்டாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் புள்ளி என்றால் வீடு என்றே படித்தார்கள். வேறு எப்படிப் படிப்பார்கள்?

டாக்டர் கணக்கெடுப்புக்குத் தலைவர். நல்ல மனிதர். சத்தம் கேட்டால் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுகிற நல்ல மனிதர். டிரில்லரை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு உள்ளறைக்கு வந்தார்.

"நெட்டுலேர்ந்து படத்தை எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேன் சார். ஆனா குவாரியில எல்லார் போன்லயும் இருக்கு."

"சரி. ஒரு லெட்டர் அடி. இந்த வீட்டுல நோயாளி யாரும் இல்லை. நான் கையெழுத்துப் போடறேன்."

"போட்டா நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வருவாரு சார். எனக்கும் ஒண்ணு குடுங்கம்பாரு. குடுப்போம். அப்புறம் எதிர் வீடு. மேனேஜரே எல்லாரையும் கொண்டுவரச் சொல்லுவாரு. கடைசியில ஒரு வீட்டுக்கு மட்டும் லெட்டர் குடுக்க முடியாது. அப்ப?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்தப் புள்ளிய வேற இடத்துல போட்டு மறுபடி ஏத்திடு. நிரலை இன்னொரு தடவை ஓட்டினா வேற எங்கயாவது போயிடுமில்ல? குளத்துல போய் விழட்டும்."

"அது இதைவிட மோசம் சார். பழைய படம் அவங்க கையில இருக்கு. உண்மையான வீடு பழைய புள்ளியைச் சுத்தி ஒரு வளையத்துக்குள்ள. புதுப் புள்ளியைச் சுத்தியும் ஒரு வளையத்துக்குள்ள. ரெண்டும் வெட்டிக்கிற இடம் சின்னதாயிடும். மூணாவது தடவை போட்டா இன்னும் சின்னது. நாமளே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வாசல்ல விட்ட மாதிரி ஆயிடும்."

"அதுவும் கூடாது, இதுவும் கூடாது. அந்த ஆளுக்கு வேலை போனது போனதுதானா?"

அப்பாவுக்கு ஒருமுறை குவாரியில் வேலையை நிறுத்தினார்கள். அந்த மாதம் அம்மா ஜல்லி சுமந்தாள். அவள் அதை நினைத்து உருகிவிடவில்லை. ஒரு வீட்டில் வேலை நின்றால் என்ன நடக்கும் என்பதை யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

அந்தக் குடியிருப்பில் சளி வாங்கியவள் நடை. அவளுக்கு அதுதான் பெயர். ஆட்டோவுக்குக் கொடுக்கிற படியை மிச்சம் பிடித்துக்கொண்டு எங்கேயும் நடந்தே போவாள். வரைபடக்காரியைவிடப் பத்து வயது பெரியவள். விஷயம் கேட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள்.

"ஏய் மேப்பு, வாயைத் திறந்து ஏதாவது சொல்லிட்டியா?"

"இல்லைக்கா."

"சொல்லிடாத. அங்க சீக்குன்னு வந்தது ஒரே ஒரு பொண்ணுக்குத்தான். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. மாத்திரைய மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சு முழுங்கிட்டிருக்கா. புருஷனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. தெரிஞ்சுது, பொட்டியோட பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுவா அந்தம்மா. அங்க போனா மருந்து நின்னுடும். உயிரே போனாலும் வெளிய வராதுன்னு நான் வாக்குக் குடுத்துத்தான் அவகிட்ட சளி வாங்கினேன்."

"எனக்கு யாருன்னு வேணாம்க்கா. நீ இவ்வளவு சொன்னதே அதிகம்."

"உனக்குத் தெரியாதா? உன் பொட்டியிலதான இருக்கு?"

"இருக்கு. நான் திறந்து பாக்கறதில்லை. இடத்தோட நம்பரை மட்டும்தான் நிரல் பாக்குது."

நடை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு முன்னறையில் உட்கார்ந்திருந்த டிரில்லரை எட்டிப் பார்த்தாள். "பாவம், மனுஷன் முகத்தைப் பாரு. உன் நிரல் எறியறப்ப, சில நேரம் அதே வீட்டுலயே திரும்ப வந்து விழுந்துடுமா?"

"விழாது. குறைஞ்சது நூறு மீட்டர் தள்ளித்தான் விழும். அப்படித்தான் வச்சிருக்கேன்."

"அப்ப புள்ளி எந்த வீட்டு மேல விழுந்திருக்கோ, அந்த வீடு இல்லவே இல்லை."

"ஆமா."

"அதைத்தானடி அந்த ஆளு எழுதிக் குடுன்னு ஒரு மணி நேரமா கத்திட்டிருக்காரு!"

"அது எப்படிக்கா எறியறோம்கிற விதி. அதை வெளிய…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

ஏன் வெளியே சொல்லக் கூடாது? திசையையும் தூரத்தையும் சொன்னால்தான் வீடு வெளிப்படும். விதியைச் சொன்னால் என்ன வெளிப்படும்? அவள் கணினியில் அந்தப் புள்ளியைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள். உள் வட்டம் நூறு மீட்டர். வெளி வட்டம் முந்நூறு. நடுவில் இருந்த வளையத்தில் கூரைகளை எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டாள். கொஞ்சம் பள்ளம், கொஞ்சம் ஜல்லி மேடு போக மிச்சமெல்லாம் வீடுகள், நெருக்கி நெருக்கி. பூட்டியிருந்த சிலவற்றைத் தவிர எல்லா வீட்டிலும் நடை ஏறி இறங்கியிருக்கிறாள். அந்தப் பெண் இவற்றில் எதிலும் இருக்கலாம். உள் வட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் தப்பித்தார்கள். அதைச் சொல்வதற்கு யாருடைய வீட்டுக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. பூட்டின் வகை ஊருக்கே தெரிந்தாலும் திறக்காமல் இருந்தால்தான் அது பூட்டு. தெரிந்தவுடன் திறந்துகொள்ளும் என்று அவள்தான் தன் பூட்டின்மேல் நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கிறாள்.

"அக்கா, குவாரிக்கு நடந்துதான் போகணுமா?"

"டாக்டர் ஜீப்பைக் கேளு. இன்னிக்கு எனக்குக் கால் வலிக்குது."

குவாரி ஆபீஸ் இரும்புப் பெட்டி ஒன்றுக்குக் கதவு ஜன்னல் வெட்டி வைத்தது. கல்லுடைக்கிற கிரஷர் ஓடுகிறபோது மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக நடுக்கம் தெரிந்தது. மேனேஜர் விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருந்தார். கணக்கர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டிரில்லர் உள்ளே வரவில்லை. கூப்பிடவும் இல்லை. வாசலில் நின்றார்.

"வாங்க மேடம். படம் நல்லாப் போட்டிருக்கீங்க. எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு" என்றார் மேனேஜர்.

வரைபடக்காரி அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதன் மேல்பக்கத்தில், இந்தப் புள்ளிகள் வீடுகள் அல்ல, நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக ஒவ்வொன்றும் நூறு முதல் முந்நூறு மீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து. புள்ளிகளை அசைக்காமல், இதே வாசகத்தோடு படம் அவர்கள் கிளம்பும் முன்பே இணையத்தில் திரும்ப ஏறிவிட்டது. அங்கே இனிமேல் படத்தைத் தெரு அளவுக்கு மேல் பெரிதாக்க முடியாது.

"எங்க தப்பு சார். இதை மொதல்லயே எழுதியிருக்கணும். நான்தான் எழுதலை."

மேனேஜர் படித்தார். "அப்போ இது பொய்ப் படமா?"

"பொய் இல்லை. எந்தப் பக்கம் சீக்கு அதிகம்னு பாக்கத்தான் படம். யாருக்குன்னு பாக்க இல்லை."

பையிலிருந்து கவராயத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பதுதான், வரும் வழியில் கடையில் வாங்கியது. தாளின் ஓரத்தில் இருந்த அளவுகோலில் நூறு மீட்டர் பிடித்து, முள்ளைச் சிவப்புப் புள்ளியில் குத்தி ஒரு சுற்று சுற்றினாள். பிறகு முந்நூறு பிடித்து இன்னொன்று.

"சின்ன வட்டத்துக்குள்ள இருக்கிற எந்த வீடும் இந்தப் புள்ளிக்குச் சொந்தம் இல்லை. இவர் வீடு நட்டநடுவுல இருக்கு. இந்தக் குடியிருப்புலயே இந்தப் புள்ளிக்குச் சம்பந்தமே இல்லைன்னு அடிச்சுச் சொல்லக்கூடிய வீடு இதுதான்."

"வேற புள்ளி இவனோடதா இருக்கலாமில்ல?"

"அடுத்த புள்ளி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார். முந்நூறைத் தாண்டி. இங்கிருந்து அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது."

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முட்டாள் இல்லை. "சரி, இவன் இல்லை. அப்போ யாரு?"

"பெரிய வட்டத்துக்கும் சின்ன வட்டத்துக்கும் நடுவுல யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம் சார். சொல்றதா இருந்தா எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு நகத்தணும்?"

கணக்கர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து தாளின் மேல் குனிந்தார். விரலை வளையத்தின் மேல் ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "சார்…"

"என்னய்யா?"

"நம்ம குவார்ட்டர்ஸும் உள்ளதான் வருது சார். உங்க வீடு, என் வீடு, வெடிமருந்து சூப்பர்வைசர் வீடு."

மேனேஜர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார் மேனேஜர், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"எடுங்க சார், ரொம்ப நல்லது" என்றாள் நடை. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவள். "வண்டிய நானே கொண்டாறேன். மொதல்ல உங்க வீட்டு வாசல்ல நிறுத்தறேன். அம்மாவ வந்து வரிசையில நிக்கச் சொல்லுங்க. ரிசல்ட்டு உங்க கைக்கு வராது, அவங்கவங்க கைக்குத்தான் போகும். சம்மதமா?"

கணக்கர் இருமல் வருவது போல வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அப்படி இருமியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும், உடனே கையை எடுத்துவிட்டார்.

மேனேஜர் தாளை மடித்து வரைபடக்காரியிடமே தள்ளினார். "இதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை. எனக்கு ரெண்டு டிரில்லர் குறையுது, ஒருத்தனை நிறுத்தி வச்சுட்டு என்ன பண்றது?" என்று, நிறுத்தி வைத்தது வேறு யாரோ என்பது போலச் சொன்னார். வாசலைப் பார்த்து, "டேய், நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடு" என்றார்.

நியாயம் புரிந்து அவர் இதைச் செய்யவில்லை. அந்தப் புள்ளி அவருக்கு இனிமேல் பிரயோஜனப்படாது என்பதால் செய்தார். வரைபடக்காரிக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே வந்ததும் டிரில்லர் நன்றி சொல்லவில்லை. ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேலை கெடைச்சுது. சரி. வீட்டுல என் தட்டையும் டம்ளரையும் தனியா வச்சிருக்கா என் சம்சாரம். புள்ளைய என் பக்கத்துல விடறதில்லை. அவகிட்ட யாரு வட்டம் போட்டுக் காட்டறது?"

"நான் வர்றேன்" என்றாள் வரைபடக்காரி.

ஜீப்பில் ஏறும்போது நடை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னாள். "வந்து என்ன சொல்லப் போற? இவருக்கு இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாத. அப்ப இருக்கிறவளோட தட்டு தனியா போகலாம்னு ஆயிடும். அது தட்டுல ஒட்டாது, இருமற காத்துல வர்றது, மருந்து ஆரம்பிச்சுட்டா அதுவும் சீக்கிரமே அடங்கிடும். அதைச் சொல்லு."

ஒற்றை அறை வீடு. நடுவில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். டிரில்லரின் மனைவி இரண்டு பேரையும் உள்ளே வாங்க என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். விஷயம் அதற்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. தள்ளியிருந்த வரிசைகளிலிருந்தும் பெண்கள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

வரைபடக்காரி தாளை விரித்து விதியைச் சொன்னாள். யாருக்கும் பாதி புரியவில்லை. ஒருத்தி, "அப்ப நம்ம வீடு வட்டத்துக்குள்ளயா வெளியயா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "நீ எப்பவுமே நடுவுலதான்டி நிப்ப" என்றாள். சிரிப்பு எழுந்தது. டிரில்லரின் மனைவி சிரிக்கவில்லை.

வரைபடக்காரி தாளைச் சுருட்டி வைத்தாள். "அவரு தட்டு எது?" என்று கேட்டாள்.

மனைவி சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றைக் கண்ணால் காட்டினாள்.

"பசிக்குதுக்கா. அதுலயே போடுங்க."

மனைவி தயங்கினாள். டிரில்லர் தானே போய்த் தட்டை எடுத்து, பானையிலிருந்து சோற்றை அள்ளிப் போட்டார். வரைபடக்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவர் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"சீக்கு இருக்கிறவங்க சாப்பிட்ட தட்டா இருந்தாலும் நான் சாப்பிடுவேன்" என்றாள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "தட்டுல வராது. இருமறப்ப காத்துல வரும். மருந்து சாப்பிட ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்ல அதுவும் நின்னுடும். விடாம சாப்பிட்டா முழுசாப் போயிடும். மருந்து சாப்பிடறவங்களை விரட்டினாத்தான் எல்லாருக்கும் ஆபத்து."

ஒரு வயதான பெண்குரல், "தட்டுல வராதாமா?" என்று நம்பாமல் கேட்டது. யாரோ ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம், வலதுபக்கமோ இடதுபக்கமோ.

நடை அவளுக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கினால் நடையின் கண் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். வரைபடக்காரி தூக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்து, அடுத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டாள்.